தேர்வு வாரத்தில் கார்னெல் குறிப்புகள்: அழகாகத் திருப்பி எழுதுவதில் வரும் தவறுகள்

வகுப்பில் அவசரமாகக் கிறுக்கிய குறிப்புகளைத் தேர்வு வாரத்தில் கார்னெல் முறைக்கு மாற்ற உட்காரும் பலரும் முதலில் செய்வது, பழைய பக்கத்தை வரிக்கு வரி புதுத் தாளில் நல்ல கையெழுத்தில் எழுதுவது. ஒரு பாடத்துக்கு இரண்டு மணி நேரம் போய்விடும். கை வேலை செய்யும், மூளை சும்மா இருக்கும். நானும் பல தேர்வுகளுக்கு இப்படித்தான் எழுதினேன். பக்கம் அழகாக இருந்தது, கேள்வித்தாள் முன்னால் ஒன்றும் வரவில்லை.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் உருவாக்கிய அமைப்பு எளிதானது. தாளின் இடப்பக்கம் இரண்டரை அங்குலம், நினைவைத் தூண்டும் கேள்விகளை எழுதும் க்யூ பத்தி, வலப்பக்கம் மீதி இடத்தில் குறிப்பு, அடியில் இரண்டு அங்குலம் சுருக்கம். இதில் வலப்பக்கக் குறிப்பு வகுப்பிலேயே எழுதியாயிற்று. தேர்வு வாரத்தில் உங்கள் வேலை இடப்பக்கமும் அடிப்பக்கமும்தான். பழைய பக்கம் படிக்க முடிகிற அளவில் இருந்தால் அதைத் திருப்பி எழுதவே வேண்டாம்; இரண்டரை அங்குல அகலத்தில் ஒரு துண்டுத் தாளை இடப்பக்கம் ஒட்டினால் போதும். அம்புக்குறிகள் குறுக்கும் நெடுக்குமாகப் போய், எது எதற்கு அடுத்தது என்றே தெரியாத பக்கங்களை மட்டும் புதிதாக எழுதுங்கள்.

ஒரு பக்கத்தை எடுத்துப் பார்ப்போம். சிறுநீரகப் பாடம். குறிப்பில் இப்படி இருக்கிறது: "வடிகட்டுவது நாளுக்கு 180 லி. சிறுநீர் 1.5 லி. அண்மைக் குழல் – குளுக்கோஸ் முழுக்க, நீர் 2/3 திரும்பும். ஹென்லே வளைவு: இறங்கு – உப்பு, ஏறு – நீர். ஏ.டி.எச். – சேகரிப்பு நாளம்."

பலரும் க்யூ பத்தியில் "வடிகட்டல்", "ஹென்லே வளைவு", "ஏ.டி.எச்." என்று தலைப்புகளை எழுதுவார்கள். தலைப்பு எதையும் கேட்பதில்லை. அதைப் பார்த்ததும் "ஆமாம், தெரியும்" என்று தோன்றிவிடும், அந்த நினைப்புதான் ஏமாற்றுகிறது. அந்த இடத்தில் கேள்வி இருக்க வேண்டும். "180 லிட்டர் வடிகட்டியும் சிறுநீர் ஒன்றரை லிட்டர்தான், மீதி எங்கே போகிறது?" "ஹென்லே வளைவின் எந்தப் பகுதி நீரை விடாது, அதனால் என்ன பயன்?" "ஏ.டி.எச். ஹார்மோன் சுரக்காவிட்டால் சிறுநீர் எப்படி மாறும்?" பக்கத்துக்கு நான்கைந்து கேள்வி போதும். வரிக்கு ஒரு கேள்வி வைத்தால் க்யூ பத்தியே இன்னொரு குறிப்பாகிவிடும்.

இரண்டாவது கேள்வியை எழுதும்போது ஒன்று தட்டுப்படும். ஏறும் பகுதி நீரை வெளியே விடுகிறது என்றால் அங்கே உப்பு எப்படிச் சேரும்? புத்தகத்தைத் திறந்தால் குறிப்பு தலைகீழ் என்று தெரியும். இறங்கும் பகுதியில் நீர் வெளியேறுகிறது. ஏறும் பகுதி நீரை விடாமல் உப்பை மட்டும் வெளியே அனுப்புகிறது. அதனால்தான் சிறுநீரகத்தின் உட்பகுதியில் உப்பு கூடுகிறது, அந்த உப்புதான் பிறகு சேகரிப்பு நாளத்திலிருந்து நீரை இழுக்கிறது. வகுப்பில் அவசரத்தில் இரண்டு சொல் இடம் மாறியிருக்கிறது. அப்படியே பார்த்து எழுதியிருந்தால் அந்தத் தவறும் நல்ல கையெழுத்தில் புதுத் தாளுக்கு வந்திருக்கும். ஆகவே சந்தேகம் வரும் வரியில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி போட்டு, புத்தகத்தில் சரிபார்த்த பிறகே மேலே போங்கள்.

அடுத்தது சுருக்கம். குறிப்பைப் பார்த்துக்கொண்டே எழுதினால் ஒவ்வொரு வரியிலிருந்தும் ஒரு துண்டு வந்து விழும். வலப்பக்கத்தை மூடிவிட்டு, க்யூ கேள்விகளுக்கு வாய்விட்டுப் பதில் சொல்லுங்கள். அதன் பிறகு எழுதினால் இப்படி வரும்: "சிறுநீரகம் முதலில் நிறைய வடிகட்டுகிறது, அப்புறம் தேவையானதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஹென்லே வளைவு உட்பகுதியை உப்பாக்குகிறது, ஏ.டி.எச். இருந்தால் அந்த உப்பு நீரை இழுத்துச் சிறுநீரை அடர்த்தியாக்குகிறது." இரண்டு மூன்று வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு அங்குலத்தில் அடங்கவில்லை என்றால், பெரும்பாலும் பக்கத்தின் மையக்கருத்து எது என்று இன்னும் முடிவாகவில்லை. இல்லையென்றால் ஒரே பக்கத்தில் இரண்டு பாடம் கலந்திருக்கிறது. அப்போது பக்கத்தைப் பிரித்துவிடலாம்.

வாய்விட்டுச் சொல்லும்போது தடுமாறிய கேள்விக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். மறுநாள் அந்தப் புள்ளிக் கேள்விகளை மட்டும், வலப்பக்கத்தை மூடிக்கொண்டு, மறுபடி கேட்டுப் பாருங்கள். அப்போதும் வராததற்கு இரண்டாவது புள்ளி. தேர்வுக்கு முந்தைய இரவில் நேரம் இல்லை என்றால் இரண்டு புள்ளி வாங்கியவற்றைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.