ஐந்து நிமிடத்தில் பீடியை நிறுத்த ஒரு தேதி

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்த ஒரு கொத்தனாரை எடுத்துக்கொள்வோம். வெளியே நீண்ட வரிசை. செவிலியரான உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம்.

முதலில் கேளுங்கள்: "அண்ணா, பீடி, சிகரெட் பழக்கம் உண்டா? காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடி?" எண்ணிக்கையைவிட இரண்டாவது கேள்விதான் முக்கியம். அரை மணி நேரத்துக்குள் என்றால் நிகோடின் பிடி பலமாக இருக்கிறது.

அடுத்து அறிவுரை. இரண்டே வாக்கியம், அவருடைய நோயோடு சேர்த்து: "உங்களுக்கு ஏற்கெனவே ரத்த அழுத்தம் இருக்கிறது, பீடியும் சேர்ந்தால் மாரடைப்பு, பக்கவாதம் வரும் ஆபத்து கூடும். நிறுத்துவதுதான் உங்கள் இதயத்துக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி." புற்றுநோய்ப் படங்களைக் காட்டி நேரத்தைச் செலவிடாதீர்கள். அந்தப் படத்தைப் பீடிக்கட்டிலேயே தினமும் பார்க்கிறார்.

"நிறுத்திப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். மறுத்தால் வாதாட வேண்டாம். "மனம் வரும்போது சொல்லுங்கள், உதவுகிறோம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த முறை வரும்போது மறுபடி கேளுங்கள்.

சம்மதித்தால் மீதி நேரம் முழுவதும் தேதிக்கே. இரண்டு வாரத்துக்குள் ஒரு நாள்.

"அடுத்த மாதம் நிறுத்துகிறேன், சிஸ்டர்."

"அவ்வளவு தள்ளவேண்டாம் அண்ணா. வரும் ஞாயிறு?"

"ஞாயிறு நண்பர்களோடு குடிப்போம். பீடி இல்லாமல் முடியாது."

"அப்படியானால் திங்கள். அடுத்த ஞாயிறு மதுவையும் தவிர்த்துவிடுங்கள்."

பலர் மீண்டும் தொடங்குவது மதுவோடுதான் என்பதால் இதைக் கேட்காமல் விடக்கூடாது. தேதியை ஓ.பி. சீட்டில் எழுதுங்கள். முந்தைய இரவே பீடி, தீப்பெட்டி எல்லாவற்றையும் எறிந்துவிடச் சொல்லுங்கள். வீட்டாரிடமும் தேதியைச் சொல்லட்டும்.

இவருக்கு முதல் பீடி டீயோடு, எழுந்த பத்தாவது நிமிடத்தில். ஆகவே மருத்துவர் 4 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் எழுதுகிறார். அரை மணி நேரத்துக்குப் பிறகு புகைப்பவருக்கு 2 மில்லிகிராம் போதும். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள் விஷயத்தில் மருத்துவரே முடிவெடுக்க வேண்டும்.

மெல்லும் முறையைச் செய்து காட்டுங்கள். காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லலாம். இப்படி அரை மணி நேரம். சாதாரண சூயிங்கம்போல் மென்றால் நிகோடின் வயிற்றுக்குள் போய் விக்கலும் குமட்டலும் வரும்; "இது ஒத்துக்கொள்ளவில்லை" என்று விட்டுவிடுவார். டீ குடித்து 15 நிமிடம் கழித்தே வாயில் போடவேண்டும், இல்லாவிட்டால் மருந்து சரியாக ஏறாது.

"பீடி நினைப்பு வந்தால் சில நிமிடங்களில் தணிந்துவிடும். தண்ணீர் குடியுங்கள், இடத்தை மாற்றுங்கள்" என்று சொல்லி, 1800-11-2356 என்ற இலவச உதவி எண்ணையும் சீட்டில் எழுதுங்கள்.

எரிச்சலும் தூக்கக்கேடும் முதல் வாரத்தில்தான் கடுமையாக இருக்கும். அதனால் அந்த வாரத்துக்குள்ளேயே தொலைபேசியில் கூப்பிடுங்கள். ஒரு பீடி குடித்துவிட்டதாகச் சொன்னால் கடிந்துகொள்ளாமல் "எங்கே, யாரோடு இருந்தீர்கள்?" என்று கேளுங்கள். அந்த இடத்துக்கு மட்டும் புதிதாக ஒரு வழி யோசித்து, நிறுத்தத்தைத் தொடரச் சொல்லுங்கள்.