இந்திய லைசென்ஸிலிருந்து ஜெர்மன் லைசென்ஸுக்கு: தியரித் தேர்வில் சறுக்க வைக்கும் அந்த ஒரு சந்திப்பு

தமிழ்நாட்டில் பத்து வருடம் கார் ஓட்டியவர்களும் ஜெர்மனியில் தியரித் தேர்வில் தோற்பது உண்டு. "இடது வலது மாறும், அவ்வளவுதானே" என்று நினைத்து, படித்ததையெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டுக்கொள்வதுதான் பெரும்பாலும் காரணம். சில விதிகள் அப்படித் திரும்பும், சில திரும்பாது. எது எது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. முதலில் காகித வேலையைப் பார்த்துவிட்டு அங்கே வருவோம்.

படி 1: ஆறு மாதக் கணக்கு

ஜெர்மனியில் குடியேறிய நாளிலிருந்து 6 மாதம் மட்டுமே இந்திய லைசென்ஸில் ஓட்டலாம். மார்ச் 1-ல் வந்து இறங்கினால் ஆகஸ்ட் கடைசியோடு சரி. முகவரியைப் பதிவு செய்த தேதியிலிருந்து எண்ணாமல், வந்து சேர்ந்த தேதியிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. ஆர்.டி.ஓ.வில் வாங்கிய சர்வதேச பர்மிட்டில் ஒரு வருடம் என்று அச்சடித்திருந்தாலும் இந்த ஆறு மாதம் நீளாது. கெடு தாண்டி ஓட்டுவது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதாகவே கருதப்படும். அது வெறும் அபராதத்தோடு போவதல்ல, குற்ற வழக்கு.

ஆறு மாதம் கடந்துவிட்டால் மாற்றவே முடியாது என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். ஓட்டத்தான் கூடாது; மாற்ற விண்ணப்பிக்கலாம். ஆனால் கையில் இருக்கும் லைசென்ஸ் காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். எல்.எல்.ஆர். செல்லாது. ஜெர்மனியில் குடியேறிய பிறகு விடுமுறைக்கு ஊருக்குப் போய்ப் புதிதாக எடுத்து வந்த லைசென்ஸும் செல்லாது. ஆகவே கார் லைசென்ஸ் எடுக்கும் எண்ணம் இருந்தால் கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

படி 2: விண்ணப்பம்

ஜப்பான் போன்ற சில நாடுகளின் லைசென்ஸைத் தேர்வே இல்லாமல் மாற்றித் தருகிறார்கள். ஜப்பானிலும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். எந்தப் பக்கம் ஓட்டிப் பழகியவர் என்பது இங்கே கணக்கே இல்லை. ஜெர்மனி வைத்திருக்கும் பட்டியலில் உங்கள் நாடு இருக்கிறதா என்பதுதான் கணக்கு. இந்தியா, இலங்கை இரண்டும் அதில் இல்லை. அதனால் தியரி, ஓட்டிக்காட்டுதல் இரண்டு தேர்வும் உண்டு. ஒரு பெரிய சலுகையும் உண்டு: புதிதாகக் கற்பவர்களுக்குக் கட்டாயமான வகுப்புகளும் நெடுஞ்சாலை, இரவுப் பயிற்சிகளும் நமக்குக் கட்டாயம் இல்லை. இப்படி மாற்றுவதற்கு அங்கே "உம்ஷ்ரைபுங்" என்று பெயர். டிரைவிங் ஸ்கூலில் சேரும்போது இந்தச் சொல்லைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் புதிய மாணவராகப் பதிந்து, முழுப் பாடத்துக்கும் பணம் கட்ட வைத்துவிட வாய்ப்பு உண்டு.

ஊரின் லைசென்ஸ் அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டியவை: பாஸ்போர்ட், முகவரிப் பதிவுச் சான்று, பயோமெட்ரிக் போட்டோ, கண் பரிசோதனைச் சான்று, முதலுதவிப் பயிற்சிச் சான்று, அசல் லைசென்ஸ், அதன் ஜெர்மன் மொழிபெயர்ப்பு. கண் பரிசோதனையைக் கண்ணாடிக் கடையிலேயே செய்துகொள்ளலாம். முதலுதவிப் பயிற்சி 45 நிமிட வகுப்புகள் ஒன்பது. ஒரே நாளில் முடிந்துவிடும். கார்டு ஆங்கிலத்தில்தானே இருக்கிறது என்று மொழிபெயர்ப்பை விட்டுவிடாதீர்கள். சேரப்போகும் டிரைவிங் ஸ்கூலின் பெயரையும் படிவத்தில் கேட்பார்கள், ஏனென்றால் ஓட்டிக்காட்டும் தேர்வுக்கு அவர்களுடைய காரும் பயிற்றுநரும் வேண்டும்.

படி 3: மதிப்பெண் எப்படிப் போகிறது

கார் தியரித் தேர்வில் 30 கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் 2 முதல் 5 வரை தவறுப் புள்ளி. மொத்தம் 10 புள்ளி வரை விடலாம். ஆனால் 5 புள்ளிக் கேள்விகளில் இரண்டு தவறினால், கூட்டினால் பத்துதான் வருகிறது என்றாலும் தோல்வி. யாருக்கு முதலில் வழி என்று கேட்கும் சந்திப்புப் படங்கள் பெரும்பாலும் இந்த 5 புள்ளி வகை. இடப்பக்கப் பழக்கம் நம்மை இழுப்பதும் அதே இடத்தில்தான். தேர்வைத் தமிழில் எழுத முடியாது, ஆங்கிலத்தில் எழுதலாம். ஒரு கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கலாம். ஒன்றை விட்டாலும் முழுக் கேள்வியும் தவறுதான்.

படி 4: அந்தச் சந்திப்பு

சிக்னலும் பலகையும் இல்லாத சந்திப்பில், வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கு முதலில் வழி. ஜெர்மனியில் இதை "ரெஹ்ட்ஸ் ஃபோர் லிங்க்ஸ்", அதாவது இடதுக்கு முன் வலது என்பார்கள். 30 கி.மீ. வேக எல்லை உள்ள குடியிருப்புத் தெருக்கள் முழுக்க இதுதான் ஆட்சி. இந்தியச் சாலை விதியும் பிரதான சாலை அல்லாத சந்திப்பில் வலப்பக்கம் வருபவருக்கே வழிவிடச் சொல்கிறது. நம் தெருக்களில் அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

ஆக, இந்த விதி திரும்புவதில்லை. இரு நாட்டிலும் வலதுதான். "அங்கே வலது என்றால் இங்கே இடது" என்று திருப்பிப் போட்டவர் முதல் ஐந்து புள்ளியை இங்கே இழக்கிறார்.

அடுத்த ஐந்து எப்படிப் போகிறது என்பதற்கு ஒரு காகிதம் எடுத்து நான்கு சாலைச் சந்திப்பு ஒன்றை வரையுங்கள். நீங்கள் தெற்கிலிருந்து வடக்கே நேராகப் போகிறீர்கள். உங்கள் வலப்பக்கம், கிழக்கிலிருந்து ஒரு சிவப்புக் கார் வருகிறது. அது அதன் இடப்பக்கம், அதாவது தெற்கே திரும்பப் போகிறது. எதிரே வடக்கிலிருந்து ஒரு நீலக் கார் நேராகத் தெற்கே வருகிறது. யார் முதலில்?

ஒவ்வொரு காரிலும் மனதளவில் ஏறி உட்கார்ந்து, "என் வலப்பக்கம் யார்?" என்று கேளுங்கள். நீலக் காருக்கு வலப்பக்கம் மேற்கு. அங்கே யாரும் இல்லை, அது போகலாம். சிவப்புக் காருக்கு வலப்பக்கம் வடக்கு. அங்கே நீலம் நிற்கிறது, சிவப்பு காத்திருக்கும். உங்களுக்கு வலப்பக்கம் சிவப்பு, நீங்களும் காத்திருப்பீர்கள். விடை: நீலம், சிவப்பு, கடைசியில் நீங்கள்.

இப்போது அதே படத்தில் எல்லா வண்டிகளையும் சாலையின் இடப்பக்கத்துக்கு மாற்றி வரையுங்கள். சிவப்புக் கார் இடப்பக்கம் திரும்புவது இப்போது ஒரு சின்ன வளைவு. தென்கிழக்கு மூலையை ஒட்டியே திரும்பிப் போய்விடும். மேற்குப் பாதியில் நேராகப் போகும் உங்கள் பாதையை அது தொடவே தொடாது. அதனால் ஊரில் நீங்கள் காத்திருக்கவே வேண்டியதில்லை. வலப்பக்கப் போக்குவரத்திலோ அதே சிவப்புக் கார் சந்திப்பின் நடுவில் வந்து உங்கள் குறுக்கே கடந்துதான் திரும்ப வேண்டும். பல வருடம் ஓட்டிய கண் "இடப்பக்கம் திரும்புகிறவன் நமக்குத் தொந்தரவில்லை" என்று ஒரு நொடியில் முடிவுகட்டிவிடும். அந்த நொடியில்தான் தவறான விடையைத் தொடுகிறோம். படத்தைப் பார்த்து விடை மனப்பாடம் செய்வதைவிட, பத்துப் பதினைந்து சந்திப்புகளை இப்படி இரு விதமாகவும் வரைந்து பார்ப்பது நல்ல பலன் தரும்.

பார்க்கும் வரிசையும் மாறுகிறது. இடப்பக்கப் போக்குவரத்தில் வலமிருந்து வரும் வண்டி நமக்கு அருகில் உள்ள பாதியில் வரும். வழி விடவேண்டியவரும் முதலில் எதிர்ப்படுபவரும் ஒருவரே. ஜெர்மனியில் அருகில் உள்ள பாதியில் வருவது இடப்பக்க வண்டி. வழி விடவேண்டிய வலப்பக்க வண்டியோ தூரத்துப் பாதியில் வருகிறது. ஆகவே முதலில் இடம் பார்த்து, பிறகு வலம் பார்த்து, நுழையும் முன் மீண்டும் இடம் பார்க்க வேண்டும்.

ஒரு விலக்கு தேர்வில் அடிக்கடி வரும். தாழ்த்திய ஓரக்கல்லைத் தாண்டியோ, வயல் பாதையிலிருந்தோ, வீட்டு வளாகத்திலிருந்தோ வெளியே வருகிறவர் வலப்பக்கத்திலிருந்து வந்தாலும் அவருக்கு முன்னுரிமை இல்லை. படத்தில் வண்டியைப் பார்ப்பதற்கு முன் அதன் சக்கரத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

படி 5: ரவுண்டானா

நம்மூர் ரவுண்டானாவில் கடிகாரம் சுற்றும் திசையில் போகிறோம். உள்ளே சுற்றுபவர் நமக்கு வலப்பக்கம் வருகிறார். வலது விதியே போதும், அவருக்கு வழிவிட்டுவிடுவோம். ஜெர்மனியில் எதிர்த்திசையில் சுற்றுவதால் உள்ளே இருப்பவர் இடப்பக்கத்திலிருந்து வருகிறார். வலது விதியை அப்படியே விட்டால் நுழைகிறவர்கள் எல்லோரும் முந்த, உள்ளே இருப்பவர்கள் வெளியேற முடியாமல் வட்டம் அடைத்துக்கொள்ளும். அதற்காகவே நுழைவாயிலில் தலைகீழ் முக்கோண வழிவிடு பலகையும், அதன் கீழே மூன்று அம்புகள் சுற்றும் நீல வட்டப் பலகையும் சேர்த்து வைக்கிறார்கள். இரண்டும் இருந்தால் உள்ளே இருப்பவருக்கு முன்னுரிமை. பலகை இல்லாத வட்டம் என்றால் வலது விதி திரும்ப வந்துவிடும், நுழைகிறவருக்கே வழி. இன்னொன்று: இந்தப் பலகைகள் உள்ள வட்டத்துக்குள் நுழையும்போது இண்டிகேட்டர் போடக் கூடாது, வெளியேறும்போது வலப்பக்கம் போட வேண்டும்.

படி 6: உண்மையிலேயே திரும்புபவை

பெரிய வளைவு இனி இடப்பக்கத் திருப்பம். எதிரே வருபவருக்கு வழிவிட்டுத் திரும்ப வேண்டும். முந்துவது இடப்பக்கமாக. ஆனால் நம் "ஃப்ரீ லெஃப்ட்" அங்கே "ஃப்ரீ ரைட்" ஆகாது. சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்ப, விளக்கின் அருகே கறுப்புப் பின்னணியில் பச்சை அம்புப் பலகை இருக்க வேண்டும். இருந்தாலும் கோட்டில் முழுதாக நிறுத்திய பிறகே திரும்பலாம். மெதுவாக உருண்டு திரும்பினாலும் சிவப்பைத் தாண்டியதாகவே ஆகும்.

படி 7: ஓட்டிக்காட்டும் தேர்வு

தியரியில் தேறிய 12 மாதத்துக்குள் இதை முடிக்க வேண்டும். மொத்தம் 55 நிமிடம். பார்க்கிங்கிலிருந்து காலியான தெருவுக்குள் திரும்பும்போதுதான் பழக்கம் இடப்பக்கம் இழுக்கும், ஏனென்றால் பின்பற்ற முன்னால் வேறு வண்டி இல்லை. பயிற்றுநர் ஸ்டீயரிங்கைத் தொட்டுவிட்டால் தேர்வு அங்கேயே முடிந்துவிடும். இதற்கு ஒரு பிடி: ஓட்டுபவரின் உடல் எப்போதும் நடுக்கோட்டின் பக்கம் இருக்க வேண்டும். இது இரு நாட்டிலும் மாறாது. இருக்கை இடப்பக்கம் என்பதால் நடுக்கோடு உங்கள் இடத் தோள் பக்கம் தெரியும். வலத் தோள் பக்கம் தெரிந்தால் தவறான பக்கத்தில் இருக்கிறீர்கள்.

வலப்பக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையும் தலையைத் திருப்பி வலத் தோளுக்குப் பின்னால் பாருங்கள். ஓரத்தில் நேராகப் போகும் சைக்கிளுக்கு நீங்கள்தான் வழிவிட வேண்டும், கண்ணாடியில் அது தெரியாமல் போகலாம். தேர்வாளர் உங்கள் தலை திரும்புகிறதா என்று கவனிப்பார். இண்டிகேட்டர் கம்பி இடக்கைப் பக்கம் இருக்கும். முதல் சில நாள் வைப்பர் ஓடும், அதனால் தோற்க மாட்டீர்கள்.

தேறியதும் ஜெர்மன் கார்டைக் கொடுக்கும்போது இந்திய அசலை வாங்கிக்கொள்வார்கள். போவதற்கு முன் இரு பக்கமும் ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.