பரு பேட்ச் வெளுத்தால் சீழ் வந்துவிட்டதா? ஒட்டும் முறையும், மருந்து வைத்ததா வெறும் பேட்ச்சா என்ற கேள்வியும்

ராத்திரி பருவின் மேல் ஒரு பேட்ச்சை ஒட்டிக்கொண்டு படுத்தால், காலையில் அதன் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். அதைப் பார்த்ததும் "அத்தனை சீழும் இதில் வந்துவிட்டது" என்று சந்தோஷப்படுகிறோம். நானும் பல மாதம் அப்படித்தான் நம்பினேன். ஆனால் அந்த வெள்ளை சீழின் நிறமில்லை. பேட்ச் நீரைக் குடித்து ஊதியதால் வந்த நிறம்.

நம்புவதற்கு முன் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். மருந்தில்லாத பேட்ச் இரண்டை எடுத்து, ஒட்டும் பக்கம் மேலே தெரியும்படி ஒரு தட்டில் வையுங்கள். ஒன்றில் ஒரு சொட்டுத் தண்ணீர், மற்றதில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய். அப்படியே ராத்திரி முழுக்க விடுங்கள். தண்ணீர் பட்ட பேட்ச் வெளுத்து, மெத்தென்று உப்பியிருக்கும். எண்ணெய் பட்டது வெளுக்காது. பசைதான் வழவழத்துக் கெட்டுப்போயிருக்கும். பேட்ச்சால் எது முடியும், எது முடியாது என்பது அந்தத் தட்டிலேயே தெரிந்துவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது

இது பருவுக்காகப் பிறந்த பொருள் அல்ல. வயிற்றில் துளை போட்டு மலப்பை பொருத்தியவர்களின் தோலைக் காக்கப் பயன்பட்ட பசையிலிருந்து வளர்ந்தது. 1980களில் படுக்கைப் புண்ணுக்கும் ஆறாத கால் புண்ணுக்கும் கட்டாகப் புழக்கத்துக்கு வந்தது. அதே கட்டை மெல்லிசாக்கி, பொட்டு அளவுக்கு வெட்டியதுதான் நம் பேட்ச்.

ரப்பர் போன்ற ஒரு பசை. அதற்குள் செல்லுலோஸ் கம், பெக்டின், ஜெலட்டின் போன்றவற்றின் நுண்ணிய துகள்கள் பதிந்திருக்கும். (எல்லா பேட்ச்சிலும் மூன்றும் இருக்காது. ஜெலட்டின் விலங்கிலிருந்து வருவது, அதனால் சைவம் பார்ப்பவர்கள் அட்டையைப் படியுங்கள்.) சப்ஜா விதையைத் தண்ணீரில் போட்டால் சுற்றிலும் கூழ் கட்டி ஊதுகிறதே, இந்தத் துகள்களும் நீர் பட்டதும் அப்படித்தான் ஊதும். பசைக்குள் சிக்கிய கூழாக நீர் அங்கேயே தங்கிவிடும். அந்தக் கூழ் ஒளியைச் சிதறடிப்பதால் நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. மேலே மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருப்பதால் வெளியிலிருந்து தண்ணீரும் கிருமியும் உள்ளே போகாது.

பேட்ச் பருவை உறிஞ்சி இழுப்பதில்லை. வாய் திறந்த பருவிலிருந்து தானாகக் கசியும் நீரை வாங்கி வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். வியர்வையும் நீர்தானே, அதையும் குடித்து வெளுக்கும். மூக்கின் மேல் ஒட்டி எடுத்த பெரிய வெள்ளைப் பேட்ச்சைக் காட்டும் வீடியோக்களைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பருவைப் பார்த்து முடிவெடுங்கள்

மெல்ல விரலால் தடவிப் பாருங்கள். நுனியில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ பழுத்திருந்தால், அல்லது ஏற்கெனவே உடைந்து ஈரமாக இருந்தால், பேட்ச் வேலை செய்யும். தோலுக்கடியில் உருண்டையாக, தொட்டாலே வலிக்கும் கட்டியாக இருந்தால் வேலை செய்யாது. வெளியேற வழியில்லாத நீரை எது குடிக்கும்? கரும்புள்ளிக்கும் வேண்டாம், அதில் இருப்பது எண்ணெயும் இறந்த தோலும். பேட்ச்சுக்காகப் பருவை ஊசியால் குத்தித் திறப்பதும் வேண்டாம்.

படி 2: கழுவுங்கள், காய விடுங்கள், வேறெதுவும் பூசாதீர்கள்

பேட்ச் விழுந்துவிடுகிறது என்று சொல்பவர்களில் பலர் சறுக்குவது இங்கேதான். முகத்தைக் கழுவி, துண்டால் ஒற்றி, ஐந்து நிமிடம் விடுங்கள். கிரீம் பூச வேண்டுமென்றால் முதலில் பேட்ச், அதன்பின் அதைச் சுற்றி மட்டும் கிரீம்.

படி 3: ஒட்டி, அழுத்திப் பிடியுங்கள்

பருவைவிட எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பெரிய பேட்ச்சாக எடுங்கள். விளிம்பைப் பிடித்து உரியுங்கள், நடுப்பசையில் விரல் படக்கூடாது. ஒட்டியபின் விரல் நுனியால் பத்து விநாடி அழுத்தினால், உடல் சூட்டில் பசை இளகி நன்றாகப் பிடிக்கும். ஆறிலிருந்து எட்டு மணி நேரம் விடலாம். வெளுப்பு விளிம்பு வரை பரவிவிட்டால் அதற்கு மேல் குடிக்க இடமில்லை, மாற்றிவிடுங்கள்.

போன மாதம் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் முன் தாடையில் ஒரு பரு பழுத்தது. முதல் ராத்திரி மாய்ஸ்சரைசர் பூசிய முகத்திலேயே ஒட்டினாள். காலையில் பேட்ச் தலையணையில் கிடந்தது, துளி வெளுப்பும் இல்லை. இரண்டாம் ராத்திரி பதினொரு மணிக்கு கழுவி, காயவைத்து, 12 மில்லிமீட்டர் பேட்ச் ஒட்டினோம். காலை ஏழு மணிக்கு நடுவில் மிளகளவு வெள்ளை, சுற்றி ஓரம் தெளிவு. உரித்தபோது பரு தட்டையாகியிருந்தது. சிவப்பு மட்டும் போகவில்லை, அதை பேட்ச் எடுக்காது. பகலில் இன்னொன்று ஒட்டினோம், சாயங்காலம் வரை அது வெளுக்கவே இல்லை. கசிவு நின்றுவிட்டது என்று அர்த்தம், அடுத்தது தேவைப்படவில்லை. என்னைக் கேட்டால் அவளுக்குக் கிடைத்த பெரிய லாபம் வேறு: நாள் முழுக்க அதைக் கிள்ளாமல் இருந்தாள். நம் நிறத்துத் தோலில் கிள்ளிய பரு விட்டுப்போகும் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும்.

வெறும் பேட்ச்சா, மருந்து வைத்ததா?

மருந்து வைத்தவற்றில் அதிகம் தென்படுவது சாலிசிலிக் அமிலம், டீ ட்ரீ எண்ணெய், நியாசினமைடு. சாலிசிலிக் எண்ணெயில் கரையக்கூடியது. அதனால் துளையை அடைத்திருக்கும் இறந்த தோலைத் தளர்த்த உதவும். ஆகவே அது இன்னும் பழுக்காத, வாய் திறக்காத சின்னப் பருவுக்குப் பொருந்தும். ஆழமான கட்டியை அது கரைத்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

உடைந்த பருவுக்கு வெறும் பேட்ச்தான். பச்சைப் புண்ணில் அமிலம் எரியும். இன்னொன்று, மூடிய இடத்தில் எந்த மருந்தும் கூடுதலாக உள்ளே இறங்கும். காற்றாடப் பூசும்போது சும்மா இருக்கும் அமிலம், பேட்ச்சுக்கடியில் எட்டு மணி நேரத்தில் தோலை உரித்துவிடலாம். அதே காரணத்தால் அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு போன்ற பரு மருந்துகள் பூசிய இடத்தில் வெறும் பேட்ச்சைக்கூட ஒட்டாதீர்கள். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் சாலிசிலிக்கைத் தவிர்க்கட்டும். டீ ட்ரீ எண்ணெய் சிலருக்கு ஒவ்வாமை தரும், முதலில் காதுக்குப் பின்னால் ஒன்றை ஒட்டி ஒரு நாள் பாருங்கள்.

என் மேஜையில் இருப்பது பெரும்பாலும் வெறும் பேட்ச்தான். பாதிப் பெட்டி மருந்து பேட்ச் வீணாகிப் போனபின் வந்த ஞானம் இது.

உரித்த இடத்தில் பேட்ச்சின் வட்ட வடிவத்திலேயே சிவந்து அரித்தால், அது பசைக்கோ மருந்துக்கோ வந்த ஒவ்வாமை, நிறுத்திவிடுங்கள். நெற்றியில் ஒரே அளவில் அரிக்கும் பொரிகள் கூட்டமாக வந்திருந்தால் அது பூஞ்சையாகவும் இருக்கலாம், அதைப் பேட்ச்சால் மூடாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சிவப்பும் வலியும் பருவைத் தாண்டிப் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, அன்றைக்கே போங்கள்.