அசதி என்று சொல்லித் தள்ளிப்போட்ட வாரங்கள்

குழந்தை பிறந்த நான்காம் நாள் என் மனைவி அழ ஆரம்பித்தாள். அந்த அழுகை பல தாய்மார்களுக்கு வருவதுதான். முதல் வாரத்தில் தொடங்கி, இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அவளுக்கு ஆறாவது வாரத்திலும் அடங்கவில்லை. பெங்களூரு அல்சூரில் எங்கள் இரண்டு அறை வீட்டில் அப்போது என் அம்மாவும் அத்தையும் இருந்தார்கள். "பச்சை உடம்பு, அசதிதான். நாங்கல்லாம் பெத்துக்கலையா?" என்று இருவரும் சொன்னார்கள். உண்மையில் அது பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு, டிப்ரஷன். ஆனால் அவர்கள் சொன்னதை நானும் நம்பினேன். அது என் முதல் தவறு.

அசதியா இல்லையா என்பதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஓர் இரவு அவள் பாலைப் பிழிந்து வைத்தாள். பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை குழந்தையை அத்தை பார்த்துக்கொண்டார். பாலாடையில் பால் கொடுத்துத் தூங்கவும் வைத்துவிட்டார். அசதி மட்டும் என்றால் அவள் அடித்துப்போட்டது போலத் தூங்கியிருக்க வேண்டும். ஆனால் மின்விசிறியையே பார்த்தபடி கிடந்தாள். "தூக்கம் வரலைங்க. இவனுக்கு நான் அம்மாவா இருக்கவே லாயக்கில்லை" என்றாள். குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வராமல் இருப்பதும், தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொண்டே இருப்பதும் வெறும் அசதியில் சேராது. இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் போக வேண்டும். நன்றாகத் தூங்குகிறாள் என்பதால் மனச்சோர்வு இல்லை என்றும் முடிவு கட்ட முடியாது. சிலர் எந்நேரமும் படுத்தே கிடப்பார்கள்.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய தவறு. பெரியவர்கள் ஒப்புக்கொண்ட பிறகு டாக்டரிடம் போகலாம் என்று காத்திருந்தேன். தினமும் சாயங்காலம் கூடத்தில் வாக்குவாதம். உள்ளே படுத்திருந்தவள் காதில் எல்லாம் விழுந்தது. தன்னால்தான் வீட்டில் சண்டை என்று அவளுடைய குற்ற உணர்ச்சி இன்னும் கூடியது. அவர்களை நம்பவைக்கத் தேவையே இல்லை. "ரத்தம் பார்க்கணும், டாக்டர்கிட்ட போயிட்டு வர்றோம்" என்றால் போதும். அது பொய்யும் இல்லை. ரத்தசோகையும் பிரசவத்துக்குப் பிறகு வரும் தைராய்டு கோளாறும் இதே மாதிரி சோர்வைத் தரும் என்பதால், அந்தப் பரிசோதனைகளையும் செய்துவிடுவது நல்லது. அப்புறம், கருத்து கேட்பதை விட்டுவிட்டு அவர்களிடம் வேலையைக் கேளுங்கள். அத்தை கடைசிவரை டிப்ரஷன் என்ற சொல்லை ஏற்கவில்லை. ஆனால் இரவு பத்திலிருந்து மூன்றுவரை பேரனை அவர்தான் பார்த்துக்கொண்டார். தொடர்ந்து நாலைந்து மணி நேரம் தொந்தரவில்லாமல் படுக்க முடிவது சிகிச்சைக்குப் பெரிய துணை.

முதல் தடவை டாக்டரிடம் போனபோது அவளுக்குப் பதிலாக நானே பேசினேன். "கொஞ்சம் டல்லா இருக்கா" என்றேன். இரும்புச்சத்து மாத்திரையோடு வீட்டுக்கு வந்தோம். இரண்டாம் முறை மனநல மருத்துவரிடம் போனோம். தாய்க்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க உதவும் எடின்பரோ வினாத்தாளைத் தமிழிலேயே கொடுத்தார். கடந்த ஏழு நாள் மனநிலை பற்றிப் பத்துக் கேள்விகள், மொத்தம் முப்பது மதிப்பெண். மதிப்பெண் கூடினால் சோர்வு அதிகம் என்று அர்த்தம். என்னை வெளியே உட்காரச் சொன்னார். பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. "எப்போதாவது" என்று அவள் குறித்திருந்தாள். நானோ அத்தையோ பக்கத்தில் நின்றிருந்தால் "இல்லை" என்றுதான் எழுதியிருப்பாள். மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும், அந்தக் கேள்விக்கு "இல்லை" தவிர வேறு பதில் வந்தால் டாக்டர் அன்றே அவளிடம் விவரமாகப் பேசியாக வேண்டும்.

செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரையை எழுதிக்கொடுத்தார். "பாலில் மருந்து இறங்கிடும், நிறுத்து" என்றார் அம்மா. இறங்குவது மிகக் கொஞ்சம்தான். பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு டாக்டர்கள் அதிகம் தேர்ந்தெடுக்கும் மருந்துகளில் இதுவும் ஒன்று. பத்து நாளில் மாற்றம் தெரியவில்லை என்று நானே தளர்ந்தேன். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். தெளிந்த பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். குறைப்பதையும் நிறுத்துவதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு விஷயத்திலும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. தூங்காமலேயே சுறுசுறுப்பாகத் திரிவது, இல்லாத குரல் கேட்பது, குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று சந்தேகப்படுவது போன்றவை தெரிந்தால் அது வேறு நோய், அவசர நிலை. அவளையும் குழந்தையையும் தனியாக விடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற மனநல மருத்துவமனையில் தாயையும் சேயையும் பிரிக்காமல் வைத்துச் சிகிச்சை தரும் பிரிவே இருக்கிறது. யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணில், அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸில், இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம்.

மாத்திரை தொடங்கிய ஏழாவது வாரம், ஒன்பதரைக்கே அவள் தூங்கிவிட்டாள். "பார்த்தீங்களா மாப்ள, அசதி தீர்ந்துடுச்சு" என்றார் அத்தை. நான் திருத்தப் போகவில்லை. பத்து மணிக்குக் குழந்தையைக் கையில் கொடுத்தேன், வழக்கம்போல வாங்கிக்கொண்டார்.