ஆல்பத்தின் முக்கியப் படத்தில் யாரோ ஒருவர்: பெண்ணின் அப்பா எழுதும் கடிதத்தில் தவிர்க்க வேண்டியவை

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துக் கல்யாணம் என்றால் பெண் வீடு பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும், மாப்பிள்ளை வீடு பொள்ளாச்சியிலோ உடுமலையிலோ இருக்கும். மேடையில் நிற்பவர்களில் பாதிப் பேரைப் பெண்ணின் அப்பாவுக்கு அன்றுதான் தெரியும். ஆகவே, தெரியாத ஆளைக் கல்யாணப் படத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லி ஸ்டூடியோவுக்கு எழுதும் கடிதத்தில், பேனா எடுக்கும் முன்பே நடக்கிற தவறு, "இவர் யாரோ" என்று தானே முடிவு செய்துவிடுவது. அந்த யாரோ, சம்பந்தியின் ஒன்றுவிட்ட மைத்துனராக இருக்கலாம். ஆல்பத்தின் இன்னொரு பிரதி மாப்பிள்ளை வீட்டுக்கும் போகும் என்பதால், முதலில் சம்பந்தியிடம் படத்தைக் காட்டிக் கேட்டுவிட வேண்டும். அவர்களுக்கும் தெரியாத ஆள் என்றால் அதைக் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். ஸ்டூடியோக்காரருக்கு அது பெரிய நிம்மதி.

அடுத்தது படத்தைச் சொல்லும் விதம். "மேடையில் எல்லோரும் நிற்கிற போட்டோ" என்றால் அப்படி நாற்பது இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து IMG-20250518-WA0012 என்று எழுதுவதும் உதவாது. அது வாட்ஸ்அப் தானாக வைக்கும் பெயர். ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் அப்படி ஒரு ஃபைலே இருக்காது. செலக்‌ஷனுக்குக் கொடுத்த பென்டிரைவில் உள்ள கேமரா எண்தான் வேண்டும், DSC_2417 என்பது போல. அதோடு, ஆல்பத்தில் எத்தனையாவது ஷீட் என்பதையும் எழுதுங்கள்.

அதிகம் குழப்புவது இடம் வலம். ஒரு கடிதம் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: "இடது பக்கம் நிற்கும் அந்நியரை எடுத்துவிடவும்." அப்பா மேடையில் நின்றவர், அவர் மனதில் பெண்ணின் இடது கைப் பக்கம். டிசைன் செய்பவருக்கோ திரையின் இடது பக்கம். விளைவு, தாய்மாமன் காணாமல் போவார். "படத்தைப் பார்க்கும் நமக்கு இடப்புறத்திலிருந்து, பின்வரிசையில் நான்காவது ஆள், சாம்பல் நிற அரைக்கை சட்டை, மீசை இல்லை" என்று எழுதினால் தவறு நேராது. பாலக்காட்டு ஸ்டூடியோக்களில் தமிழ் நன்றாகப் பேசி, படிக்கத் தெரியாதவர்கள் உண்டு. சின்னப் பிரிண்ட் ஒன்றில் பேனாவால் அந்த ஆளை வட்டமிட்டுக் கடிதத்தோடு வைத்தால் மொழிப் பிரச்சினையே இல்லை.

"எடுத்துவிடவும்" என்ற சொல்லும் தனியாக நிற்காது. எடுத்த இடத்தில் என்ன வர வேண்டும்? மேடைப் படங்களைப் பெரும்பாலும் அடுத்தடுத்து நாலைந்து கிளிக் செய்திருப்பார்கள். ஆள் பின்னால் நின்று தலையும் தோளும் மட்டும் தெரிந்தால், அவர் நகர்ந்த இன்னொரு படத்திலிருந்து பூ அலங்காரத்தை எடுத்து அங்கே வைத்துவிடலாம், சுலபம். முன்னால் நின்று அம்மாவின் புடவையை மறைத்திருந்தால், அதே மடிப்போடு புடவை தெரியும் வேறு படம் வேண்டும். அவர் பக்கத்தில் நிற்பவர் தோளில் கை போட்டிருந்தால்தான் வம்பு. ஆள் போவார், நான்கு விரல் தோளிலேயே தங்கும். "மற்றவர்களை நெருக்கி நிறுத்திவிடுங்கள்" என்று கேட்காதீர்கள். ஆட்களை நகர்த்தினால் தரை விரிப்பின் கோடு உடையும், பின்திரையில் ஃபிளாஷ் நிழல் தப்பான இடத்தில் விழும். இடைவெளி இருந்தால் இருக்கட்டும். ஆள் ஓரத்தில் நின்றால் வெட்டிவிடச் சொல்வதே நல்லது. எந்த வேலையும் இதற்கு ஈடாகாது.

கடிதம் போகும் நேரமும் முக்கியம். லே-அவுட்டுக்கு ஓகே சொல்வதற்கு முன் என்றால் அது திருத்தம். ஆல்பம் பைண்ட் ஆன பிறகு என்றால் தனி வேலை, தனிப் பணம். ஷீட்டுகளை முதுகோடு முதுகு ஒட்டியிருப்பதால் ஒன்றை மட்டும் உருவ முடியாது. அதோடு ஒட்டியிருக்கும் ஷீட்டுகளையும் சேர்த்து மறுபடி அடிக்க வேண்டும். "உங்கள் கவனக்குறைவு" என்று ஆரம்பிக்கும் கடிதம் அந்தப் பணத்தைக் குறைக்கப் போவதில்லை.

இந்த அளவு போதும்:

"தம்பிக்கு, வணக்கம். 7ஆம் ஷீட், DSC_2417. பார்ப்பவருக்கு இடப்புறத்திலிருந்து, பின்வரிசை நான்காவது ஆள், சாம்பல் சட்டை. இரு வீட்டாருக்கும் தெரியாதவர், சம்பந்தியிடமும் கேட்டுவிட்டேன். அந்த இடத்தில் பூ அலங்காரம் வந்தால் போதும், மற்றவர்கள் நின்றபடியே இருக்கட்டும். இதே ஆள் அட்டையிலோ ஃபிரேம் படத்திலோ வந்திருந்தால் அங்கேயும் பாருங்கள். ஒரிஜினல் ஃபைலை அழிக்க வேண்டாம். பிரிண்டுக்கு அனுப்பும் முன் எனக்குக் காட்டுங்கள். கூடுதல் பணம் ஆகுமென்றால் முன்பே சொல்லுங்கள்."

திருத்திய படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வாங்கிப் பார்த்து ஓகே சொல்லக் கூடாது. அதில் படம் சுருங்கிவிடும். 36 அங்குல ஷீட்டில் பளிச்சென்று தெரியும் ஒட்டு போனில் தெரியாது. டாக்குமென்டாக அனுப்பச் சொல்லி, பெரிதாக்கி, பக்கத்தில் நின்றவரின் தோளையும் மாலை விளிம்பையும் பாருங்கள். கடைசியாகக் கீழே வந்து கால்களை எண்ணுங்கள். ஆளை எடுத்தவர்கள் செருப்பை மறந்துவிடுவது உண்டு.