கோட்டில் புழு இல்லை

மழை விட்ட மறுநாள், வாசலில் கொட்டியிருந்த கட்டுமான மணலில் என் அக்கா மகன் செருப்பில்லாமல் விளையாடினான். மூன்றாம் நாள் உள்ளங்கால் ஓரத்தில் கடுகளவு சிவப்புப் புள்ளி. கொசுக்கடி என்று விட்டுவிட்டார்கள். ஒரு வாரத்தில் அதிலிருந்து நூல்போலத் தடித்த சிவப்புக் கோடு கிளம்பி, வளைந்து நெளிந்து ஓடியிருந்தது. இரவில் அரிப்பு தாங்காமல் அழுதான்.

படர்தாமரை என்று நினைத்து, கடையில் விற்கும் கலவைக் களிம்பை அக்கா தடவினாள். அதிலிருந்த ஸ்டீராய்டு அரிப்பைச் சற்றுக் குறைத்ததே தவிர, கோடு நிற்கவில்லை. படர்தாமரை வட்டமாக விரியும். இது பாதை போட்டு நகரும். சந்தேகம் இருந்தால் கோட்டின் முனையில் பேனாவால் குறி வைத்து மறுநாள் பாருங்கள். அக்கா வைத்த குறியைக் கோடு ஒரு விரல் அகலம் தாண்டியிருந்தது.

நகர்வது, நாய், பூனைகளின் குடலில் வாழும் கொக்கிப்புழுவின் குஞ்சு. மலத்தோடு மணலில் விழும் முட்டை, ஈரமும் நிழலும் கிடைத்தால் சுமார் ஒரு வாரத்தில் தோலைத் துளைக்கும் புழுவாகிவிடும். மனிதத் தோலில் மேலடுக்கைத் தாண்டி உள்ளே இறங்க அதற்குப் பொதுவாக முடியாது. அங்கேயே அலைகிறது.

அது கடந்துவந்த தடத்தைத்தான் நாம் கோடாகப் பார்க்கிறோம். புழுவோ கோட்டின் முனைக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் முன்னால், பார்வைக்கு நன்றாக இருக்கும் தோலுக்குள் இருக்கும். ஊசியால் கிளறுவது, சூடு வைப்பது, மண்ணெண்ணெய் ஊற்றுவது, ஐஸ் வைத்து உறையவைக்கப் பார்ப்பது எல்லாம் அதனால்தான் வீணாகின்றன. குழந்தைக்குப் புண் மட்டுமே மிஞ்சும். சொறிந்த இடத்தில் சீழ் வைத்தால் அது தனி நோய்.

பள்ளியில் தரும் பூச்சி மாத்திரை ஒன்றைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பதும் தவறு. அந்த மாத்திரையில் இருக்கும் அல்பெண்டசோல் இதற்குக் கேட்கும்தான். ஆனால் ஒரு வேளை மருந்து பெரும்பாலும் போதாது, மூன்று நாளாவது தொடர வேண்டும். ஐவர்மெக்டின் எடைக்கேற்ப ஒரே வேளையில் பெரும்பாலோருக்குக் குணம் தரும். கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் இவற்றை நீங்களாக வாங்கிக் கொடுக்கவே கூடாது. மருந்தே இல்லாவிட்டாலும் புழு சில வாரங்களில், சில சமயம் மாதங்களில், தானே சாகும். அதுவரை ஒரு குழந்தையைத் தூங்கவிடாமல் வைத்திருக்க எனக்கு மனம் வராது.

கடற்கரையில் அலை நனைக்கும் மணலை விட, அலை எட்டாத மேட்டில் படகு நிழலிலும் மரத்தடியிலும் இருக்கும் ஈர மணலே ஆபத்து. நாய்கள் ஒதுங்குவது அங்கேதான். துண்டை விரித்துப் படுத்தாலும் முதுகில் ஏறலாம், பாய் நல்லது. வாசல் மணலைத் தார்ப்பாயால் மூடுங்கள், வீட்டு நாய்க்குக் குடற்புழு மருந்து கொடுங்கள்.

மருத்துவர் எடை பார்த்து ஐவர்மெக்டின் கொடுத்தார். இரண்டாம் நாள் பையன் தூங்கினான். சிவப்புத் தடம் மறைய மேலும் சில நாட்களாயின. மருந்து கேட்கவில்லையோ என்று அக்கா பதறினாள். மறுபடி பேனாக் குறி வைத்தோம். கோடு அதைத் தாண்டவில்லை.