எல்.சி. திருத்தம் கேட்டு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாபநாசம் பக்கத்து அரிசி ஆலைக்காரர் ஒருவர், சம்பா அறுவடை முடிந்த கையோடு மலேசியாவுக்கு 50 டன் புழுங்கல் அரிசி அனுப்ப ஒப்பந்தம் போட்டார். ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவோம் என்று வாங்குபவரின் வங்கி உறுதி சொல்லும் கடிதம்தான் எல்.சி. அப்படி வந்த எல்.சி.யில் மூன்று இடங்கள் ஒட்டவில்லை. ஏற்றும் துறைமுகம் சென்னை என்றிருந்தது, பேசியது தூத்துக்குடி. கடைசி ஷிப்மென்ட் தேதி மார்ச் 10. பேசியது மார்ச் 25. மூட்டை 50 கிலோ; பேசியது 25 கிலோ. கும்பகோணத்தில் தன் வங்கிக்குக் கொடுக்க அவர் எழுதி வைத்திருந்தது இது: ‘எல்.சி.யில் உள்ள தவறுகளை ஒப்பந்தப்படி திருத்தி, ஷிப்மென்டுக்கு 15 நாள் கூடுதலாகத் தரவும்.’

முதல் தவறு, கடிதம் போகும் இடம். கும்பகோணம் வங்கி எல்.சி.யை நமக்குத் தெரிவித்த வங்கி மட்டுமே. திருத்துவது, அதைத் திறந்த மலேசிய வங்கி. அதுவும் வாங்குபவர் விண்ணப்பித்தால்தான். ஆகவே வாசகத்தை நாமே எழுதி, ‘இதை அப்படியே உங்கள் வங்கிக்குக் கொடுங்கள்’ என்று வாங்குபவருக்கு அனுப்ப வேண்டும்.

அடுத்தது ‘ஒப்பந்தப்படி’ என்ற சொல். எல்.சி.க்கான சர்வதேச விதித் தொகுப்பான யூ.சி.பி. 600-இன்படி எல்.சி. வேறு, ஒப்பந்தம் வேறு. வங்கி ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்க்காது. எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது, என்ன வர வேண்டும் என்று எழுத வேண்டும்.

பணம் மாட்டிக்கொள்வது தேதியில்தான். அந்த எல்.சி. காலாவதியாவது மார்ச் 20. ஷிப்மென்டை மட்டும் 25-க்கு நீட்டினால், கப்பல் கிளம்பும் முன்பே எல்.சி. செத்துவிடும்! சரக்கு ஏற்றியபின் வங்கியில் ஆவணம் கொடுக்க 21 நாள் கெடு இருந்ததால், காலாவதியையும் ஏப்ரல் 15 ஆக்கச் சொன்னேன். எல்.சி.யின் கட்ட எண்களோடு மாற்றி எழுதியது இப்படி:

```
44E: சென்னை -> தூத்துக்குடி
44C: மார்ச் 10 -> மார்ச் 25
31D: மார்ச் 20 -> ஏப்ரல் 15
45A: 50 கிலோ மூட்டை -> 25 கிலோ மூட்டை
மற்ற நிபந்தனைகளில் மாற்றமில்லை.
திருத்தக் கட்டணம் விண்ணப்பதாரருடையது.
```

45A-வில் ‘2000 மூட்டை’ என்று எண்ணிக்கை கேட்க அவருக்கு ஆசை. வேண்டாம் என்றேன். அளவு ‘50 டன்’ என்று எடையில் இருந்தால், எல்.சி. தொகையைத் தாண்டாதவரை 5 சதவீதம் கூடக் குறைய ஏற்றலாம். அளவையே மூட்டைக் கணக்கில் சொல்லிவிட்டால் அந்தச் சலுகை கிடையாது.

எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கேட்பது நல்லது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனிக் கட்டணம் உண்டு. ஆனால் வரும் திருத்தத்தை வரி வரியாகப் படியுங்கள். நான்கில் ஒன்று தவறாக வந்தாலும், மூன்றை ஏற்று ஒன்றைத் தள்ள விதி இடம் தராது. முழுதாகத் தள்ளி, மறுபடி கேட்க வேண்டியதுதான்.

வாங்குபவர் ‘சரி, மாற்றச் சொல்லிவிட்டேன்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவது திருத்தம் ஆகாது. திருத்தத்தைச் சொல்லும் வங்கிச் செய்தியான MT 707 கும்பகோணம் வங்கிக்கு வந்து கையில் கிடைக்கும்வரை, தூத்துக்குடிக்கு லாரியைக் கிளப்ப வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.